இரும்புப் பட்டைக்கு மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை: கானல் நீர் நெளிவதைப் பிரித்துப் பார்த்த கதை

ஒரே சூட்டில் இருக்கும் இரும்புப் பட்டையின் மேற்பக்கத்தை ஒட்டி லேசர் ஒளியை அனுப்பினால் சுவரில் விழும் சிவப்புப் பொட்டு துடிக்கிறது. அதே பட்டையின் அடிப்பக்கத்தை ஒட்டி அனுப்பினால் ஒளி வளைகிறது, ஆனால் பொட்டு துடிப்பதில்லை. இரண்டையும் ஒரே சூட்டில், ஒரே லேசரில், ஒரே கிராஃப் தாளில் குறித்துவிட்டேன். ரொம்ப நாளாகச் செய்து பார்க்க நினைத்தது இது. செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

தார்ச்சாலையில் தெரியும் கானல் நீருக்குப் பாடப்புத்தகம் தரும் விளக்கம் எல்லோருக்கும் தெரியும். தரையை ஒட்டிய காற்று சூடாகி அடர்த்தி குறைகிறது. வானத்திலிருந்து தாழ்வாக வரும் ஒளி அதில் நுழைந்து மேல்நோக்கி வளைந்து கண்ணுக்கு வருகிறது. தரையில் வானம் தெரிகிறது, நாம் தண்ணீர் என்று நினைக்கிறோம். எல்லாம் சரி. ஆனால் அந்தத் தண்ணீர் ஏன் ஒரு நொடிகூடச் சும்மா இருப்பதில்லை என்பதை அந்தப் படம் சொல்வதில்லை. வளைவதற்கும் நெளிவதற்கும் ஒரே காரணமா, இரண்டு காரணமா? எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அதுதான்.

முதலில் சாலையையே அளந்துகொண்டேன். வெயில் காலத்துப் பகல் இரண்டு மணி, நேராக ஓடும் நான்கு வழிச்சாலை, ஓரத்தில் நின்று பார்த்தது. அகச்சிவப்பு வெப்பமானியைத் தாரின் மேல் காட்டினால் 58 டிகிரி செல்சியஸ். தலை உயரத்தில், நிழலில் தொங்கவிட்ட சாதாரண வெப்பமானி 37. இந்த இரண்டு எண்களை வைத்துக் காற்றின் ஒளிவிலகல் எண் எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிட்டால் ஒரு லட்சத்தில் 1.6 பங்குதான் வருகிறது. அவ்வளவு சிறிய மாற்றத்தால் ஒளியைத் திருப்பிவிட முடிகிற கோணம் ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் செங்குத்தாகப் பார்த்தால் வெறும் தார்தான் தெரியும். கண் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால் கிட்டத்தட்ட 260 மீட்டருக்கு அப்பால்தான் ‘தண்ணீர்’ தொடங்க வேண்டும். சாலையோரத்தில் 200 மீட்டருக்கு ஒன்றாக நட்டிருக்கும் கற்களை வைத்துப் பார்த்தேன். நின்று பார்க்கும்போது முதல் கல்லைத் தாண்டி, இரண்டாவது கல்லுக்கு முன்பாகவே தொடங்கியது. குத்துக்காலிட்டுக் கண்ணை ஓரடி உயரத்துக்கு இறக்கினால் ஐம்பது அறுபது மீட்டரில் வந்து நின்றது. கிட்டப் போகப் போகக் கானல் நீர் விலகி ஓடுவதும் இதனால்தான். அது இருக்கும் இடத்தைத் தீர்மானிப்பது சாலை மட்டுமல்ல, நம் கண்ணின் உயரமும்தான்.

இந்தக் கணக்கு இருந்ததால் வீட்டில் எவ்வளவு நீளப் பட்டை வேண்டும் என்று முடிவு செய்வது எளிதாயிற்று. இரும்பை 200 டிகிரிக்கு ஏற்றினால் கோணம் 0.8 டிகிரி அளவுக்கு உயர்கிறது. நான்கடிப் பட்டையின் நடுவில் பட்டுத் திரும்பும் ஒளி, பட்டையின் விளிம்பைத் தாண்டும்போது வெறும் 8 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். இந்தச் சோதனையின் கஷ்டம் முழுக்க இந்த 8 மில்லிமீட்டரில் இருக்கிறது. பட்டை எங்காவது 3 மில்லிமீட்டர் புடைத்திருந்தாலும் ஒளியின் பாதை மறைந்துவிடும்.

வீட்டில் கிடந்த 18 கேஜ் தகட்டில் தொடங்கினேன். கரித்தணலில் வைத்ததுமே நடுவில் ‘டொப்’ என்று சத்தத்தோடு புடைத்தது. திருப்பிப் போட்டால் வேறு இடத்தில் புடைத்தது. தணல் எங்கே அதிகமோ அங்கே தகடு நீள்கிறது. சுற்றியுள்ள பகுதி இடம் கொடுக்காததால் மேலேயோ கீழேயோ வளைந்தாக வேண்டும். வெல்டிங் கடை அண்ணன் தகட்டைப் பார்த்ததுமே, “தம்பி, ஷீட்டு நெளியத்தான் செய்யும். அஞ்சு எம்.எம். பட்டையா எடுத்துக்கோங்க, அது அசையாது” என்றார். பழைய இரும்புக் கடையில் நான்கடி நீளம், ஆறு அங்குல அகலம், 5 மில்லிமீட்டர் கனத்தில் ஒன்று கிடைத்தது. எடை 7 கிலோ, கிலோ 60 ரூபாய். நீளவாக்கில் ஒரு நூலை இழுத்துக் கட்டி, நூலுக்கும் பட்டைக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தேன். சூடேற்றிய பிறகும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வளையவில்லை. கனமான பட்டையால் இன்னொரு நன்மையும் உண்டு. சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே நெருப்பின் மேல் வைத்தே சோதனை செய்ய வேண்டியதில்லை.

நெருப்பின் மேல் வைத்துச் செய்யவே கூடாது என்றுகூடச் சொல்வேன். அடியில் கேஸ் அடுப்போ கரியோ எரிந்துகொண்டிருந்தால் அந்தப் புகைக்காற்று பட்டையின் இரண்டு ஓரங்களிலும் சுற்றிக்கொண்டு மேலே ஏறும். நெளிவு பட்டையால் வந்ததா அடுப்பால் வந்ததா என்று சொல்ல வழியே இருக்காது. அதனால் முற்றத்தில் செங்கல் அடுக்கி நீளமாக ஒரு தணல் அடுப்பு கட்டி, அதில் பட்டையைச் சூடேற்றி, இரண்டு பேராகக் கொறடு பிடித்துத் தூக்கி, கதவு சாத்திய ஷெட்டுக்குள் கொண்டுபோய் வைத்தோம். நான்கு மூலையிலும் செங்கல் அடுக்கியிருந்தது. பட்டை தரையிலிருந்து ஓரடி உயரத்தில் நின்றது. அடியிலும் ஒளி போக வழி இருந்தது. வைப்பதற்கு முன் அடிப்பக்கத்துச் சாம்பலைக் கம்பி பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். ஒட்டியிருக்கும் கங்கு ஒன்றிரண்டு போதும், கீழ்ப்பக்க அளவு கெட்டுவிடும்.

வெப்பமானியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அகச்சிவப்புத் துப்பாக்கி பளபளப்பான இரும்பில் பொய் சொல்லும். தேய்த்த இடத்தில் 80 என்று காட்டியது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அங்கேயே சீறித் தெறித்தது. பைக் சைலன்சருக்கு அடிக்கும் வெப்பம் தாங்கும் கறுப்புப் பெயிண்ட் ஒரு டப்பா வாங்கி மேலும் கீழும் அடித்தபிறகுதான் நம்பக்கூடிய எண் வந்தது. ஷெட்டில் வைத்தவுடன் 200. பத்து நிமிடத்தில் 100-ஐ ஒட்டி இறங்கிவிடும். அளப்பதெல்லாம் முதல் நான்கைந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

கண்ணால் பார்க்கும் சோதனையை முதலில் செய்தேன். பட்டையின் மறுமுனைக்கு ஒரு மீட்டர் அப்பால், இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் கறுப்புத் தாளில் வெட்டிய பனைமரங்கள், அவற்றுக்குப் பின்னால் விளக்கு வைத்த வெள்ளைத் தாள். இந்தப் பக்கம் ஒன்றரை மீட்டர் தள்ளி கைபேசி. கைபேசியைத் தலைகீழாக நிறுத்த வேண்டும். அப்போதுதான் லென்ஸ் கீழே வந்து பட்டையின் மட்டத்துக்கு இறங்கும். பனைமரத்துக்குக் கீழே தலைகீழாக இன்னொரு பனைமரம் தெளிவாகத் தெரிந்தது. பட்டை முழுக்க ஆறிய பிறகு சும்மா பார்த்தேன். அப்போதும் தெரிந்தது!

இது பெரிய பொறி. இவ்வளவு தாழ்ந்த கோணத்தில் பார்த்தால் பெயிண்ட் அடித்த இரும்பே கண்ணாடி ஆகிவிடுகிறது. காற்றுக்கு அதில் பங்கே இல்லை. இணையத்தில் ‘வீட்டில் கானல் நீர்’ என்று வரும் வீடியோக்களில் பட்டை ஆறியிருக்கும்போது எப்படித் தெரிகிறது என்று காட்டாதவற்றை நான் இனி நம்பமாட்டேன். இதற்குத் தீர்வு பழையது. ராபர்ட் வுட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் நூறு வருடத்துக்கு முன்பே சூடான உலோகத் தட்டுகளின் மேல் மணல் தூவித்தான் மேஜைமேல் பாலைவனம் செய்தார். சலித்த ஆற்றுமணலை இரண்டு மில்லிமீட்டருக்குப் பரப்பி, ஒரு மரச்சட்டத்தால் மட்டப்படுத்தினேன். ஆறிய மணலில் பிம்பம் இல்லை, வெறும் மணல். சூடேற்றினால் மணலின் மேல் வெள்ளையாக ஒரு குளம் விரிந்து, அதில் பனைமரம் தலைகீழாக நின்றது. மணலின் மேற்பரப்பு 150 டிகிரிதான் இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

1798-இல் நெப்போலியனின் படையோடு எகிப்துக்குப் போன கணித அறிஞர் காஸ்பார் மோன்ஜ் பார்த்தது இதைத்தான். பாலைவனத்தில் தூரத்து ஊர்கள் ஒவ்வொன்றும் ஏரிக்கு நடுவில் தீவு போல நின்றன, தீவுக்குக் கீழே ஊரின் தலைகீழ்ப் பிம்பம். நெருங்கினால் ஏரி பின்வாங்கியது. தாகத்தோடு நடந்த வீரர்களுக்கு அது பெரிய வேதனையாக இருந்தது. தரையை ஒட்டிய சூடான காற்றடுக்குதான் காரணம் என்று அவர் அங்கேயே எழுதினார்.

என் மணல்குளம் சும்மா இருக்கவில்லை. கைபேசியில் நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்டத்தில் பார்த்தபோது குளத்தின் கரை ஒரே கோடாக இல்லை என்று தெரிந்தது. ஒரு துண்டு பிய்ந்து மேலே வரும், பனைமரத்தின் தண்டை இரண்டாக வெட்டும், மறையும். அதே இடத்தில் அடுத்தது வரும். பனைமரத்தின் அடிப்பகுதி பிம்பத்திலும் இல்லை, நேர்ப்படத்திலும் இல்லை. சாலையில் தூரத்து லாரியின் சக்கரங்கள் காணாமல் போய், பெட்டி மட்டும் மிதந்து வருவது இதே விஷயம்தான்.

பிய்ந்து வருவது என்ன என்று பார்க்க நிழல்முறையைப் பயன்படுத்தினேன். செலவில்லாத வேலை. முன்கண்ணாடியும் குழியாடியும் கழற்றிய சிறிய எல்இடி டார்ச்சைப் பட்டையின் பக்கவாட்டில் மூன்று மீட்டர் தள்ளி வைத்து, மறுபக்கம் ஒன்றரை மீட்டரில் வெள்ளைத் துணி கட்டினேன். விளக்கு ஒரே புள்ளியாக இருக்க வேண்டும். டியூப் லைட்டில் ஒன்றும் தெரியாது. துணியில் பட்டையின் கறுப்பு நிழல், அதை ஒட்டி அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு கறுத்த பட்டி. அந்தப் பட்டி பெரும்பாலும் அமைதியாகவே இருந்தது. அதன் மேல் விளிம்பில்தான் எல்லாம் நடந்தது. ஓரிடத்தில் மெல்ல ஒரு மேடு கட்டும், கழுத்து ஒடுங்கும், இழை இழையாக மேலே கிளம்பிப் போகும். ஊதுபத்திப் புகை மாதிரிதான், ஆனால் புகையே இல்லை. வெறும் சூடான காற்றின் நிழல். இழை கிளம்பிய இடத்தில் பட்டி மெலிந்துவிடும், பிறகு மறுபடி தடிக்கும். அந்த அடுக்கின் கனம் இப்படி ஏறி இறங்குவதால், அதில் பட்டுத் திரும்பும் ஒளியின் கோணமும் ஏறி இறங்குகிறது. கண்ணுக்கு அதுதான் நெளிவு.

இனி லேசர். ஐந்து மில்லிவாட்டுக்குள் இருக்கும் சாதாரணச் சிவப்பு லேசர் பாயிண்டர், கிளாம்ப் போட்டுச் செங்கல் மேல் இறுக்கியது. உயரத்தைத் தாள் சொருகிச் சரிசெய்தேன். லேசர் எரியும்போது அந்த வரிசையில் யாரும் கண்ணையோ கேமராவையோ வைக்கக் கூடாது. சுவரில் விழும் பொட்டை மட்டும்தான் பார்க்க வேண்டும். இந்தச் சோதனைக்கு மணல் வேண்டாம், தட்டிவிட்டேன். ஆறிய பட்டைக்கு இணையாக, 3 மில்லிமீட்டர் மேலே ஒளி போகும்படி வைத்து, ஐந்து மீட்டர் தள்ளிச் சுவரில் ஒட்டிய கிராஃப் தாளில் பொட்டின் நடுவைக் குறித்தேன்.

சூடான பட்டையை வைத்ததும் பொட்டு 4 சென்டிமீட்டர் மேலே ஏறியது. வட்டமாகவும் இல்லை, நெட்டுக்கோடாக நீண்டுவிட்டது. லேசர்க்கற்றையின் அடிப்பகுதி அதிகம் வளைகிறது, மேல்பகுதி குறைவாக வளைகிறது, அதனால்தான் நீட்சி. அந்தக் கோடு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மேலும் கீழும் ஓயாமல் துள்ளியது, கொஞ்சம் பக்கவாட்டிலும். ஒரு நல்ல அளவு எடுக்கவே முடியவில்லை. மெதுவோட்ட வீடியோவிலிருந்து சராசரி எடுக்க வேண்டியிருந்தது.

அடுத்த சூட்டில் லேசரைப் பட்டைக்குக் கீழே, அடிப்பக்கத்திலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளி வைத்தேன். இப்போது பொட்டு கீழே இறங்கியது, 3 சென்டிமீட்டர். சூட்டை விட்டு விலகிக் குளிர்ந்த பக்கம் வளைவதுதான் ஒளியின் இயல்பு, ஆகவே திசை மாறியது எதிர்பார்த்ததே. ஆனால் பொட்டு அங்கேயே நின்றது. இரண்டு மில்லிமீட்டருக்குள் ஒரு சோம்பலான ஆட்டம், அவ்வளவே. பென்சிலால் சுற்றி வரைய முடிந்தது. பட்டை ஆற ஆற மெதுவாக ஏறி, பழைய குறிக்குத் திரும்பியது. வரிசையால் வந்த வித்தியாசமாக இருக்கக் கூடாது என்பதற்காக, ஒரே சூட்டில் முதலில் கீழே, உடனே மேலே என்றும் செய்தேன். மேலே வைக்கும்போது பட்டை இன்னும் ஆறியிருந்தது, இருந்தும் துள்ளல் மேலேதான். நிழல்முறையிலும் பார்த்தேன். அடிப்பக்கத்தில் வழுவழுப்பான ஒரே பட்டி, மேற்பக்கத்தை விடத் தடிப்பாக, ஒரு இழைகூட இல்லாமல்.

காரணம் நேரானது. பட்டைக்கு அடியில் சூடான லேசான காற்று மேலே இருக்கிறது, குளிர்ந்த கனமான காற்று கீழே. அதனதன் இடத்தில் இருப்பதால் எதற்கும் நகர அவசரமில்லை. ஓரத்துக்கு வழுக்கிப் போய் வெளியேறுகிறது. பட்டைக்கு மேலே இது தலைகீழ். லேசானது கீழே மாட்டிக்கொண்டு, கனமானது மேலே உட்கார்ந்திருக்கிறது. சில மில்லிமீட்டர் கனத்துக்குள் காற்றின் பிசுக்கு அதைப் பிடித்து வைக்கிறது. அடுக்கு அதைவிடத் தடித்தால் பிய்த்துக்கொண்டு கிளம்பிவிடும். நிழலில் நான் பார்த்த அமைதியான பட்டியும் அதன் மேல் விளிம்பின் கலாட்டாவும் இதுதான்.

ஒரே ஒரு கணக்கை மட்டும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒளி மேல்நோக்கி வளைய வேண்டுமானால் உயரே போகப் போகக் காற்றின் அடர்த்தி கூட வேண்டும். அதற்கு வெப்பம் கிலோமீட்டருக்கு 34 டிகிரிக்கு மேல் என்ற வேகத்தில் குறைய வேண்டும். ஆனால் கிலோமீட்டருக்கு 10 டிகிரியைத் தாண்டினாலே உலர்ந்த காற்று புரளத் தொடங்கிவிடும். அதாவது, சாலையில் கானல் நீரைக் காட்டும் அளவுக்கு வெப்பம் சரிந்திருக்கிறது என்றால், காற்று புரளும் எல்லையை அது ஏற்கெனவே கடந்துவிட்டது. வளைவும் நெளிவும் ஒன்றல்ல. அடிப்பக்கச் சோதனை அதைக் காட்டுகிறது. ஆனால் சூடான தரைக்கு மேல் முதலாவது இருந்தால் இரண்டாவது வந்தே தீரும். நெளியாத கானல் நீரைத் தார்ச்சாலையில் தேடிப் பயனில்லை. குளிர்ந்த கடலுக்கு மேல் சூடான காற்று படியும்போது தெரியும் மேல்நோக்கிய கானல் காட்சி இதற்கு மாறு. அது என் பட்டையின் அடிப்பக்கம் மாதிரியான நிலை. தொலைவில் உள்ள கப்பலையும் கரையையும் நெடுநேரம் ஓரளவு அசையாமல் காட்டுகிறது.

மேஜை விசிறியைக் குறைந்த வேகத்தில், பட்டைக்குக் குறுக்காக விட்டும் பார்த்தேன். பொட்டு ஏறும் உயரம் பாதியாகக் குறைந்தது, துள்ளல் சிறிதாகி வேகமாயிற்று. துணியில் இழைகள் மேலே போகாமல் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஓடின. துப்பாக்கி சுடும் போட்டியாளர்கள் தொலைநோக்கியில் இந்த ஓட்டத்தைப் பார்த்தே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று கணிக்கிறார்கள். நெளிவு நேர்மேலாக எழுந்தால் குறுக்குக் காற்று இல்லை என்று அர்த்தம்.

செலவு: பட்டை 420 ரூபாய், பெயிண்ட் 160, லேசர் 250, கரி 80. மொத்தம் 910. வெப்பமானி இரவல். மணல், செங்கல், துணி வீட்டில் இருந்தவை.

அடுத்த முறை நீளத்தைத்தான் முதலில் மாற்றுவேன். எட்டடிப் பட்டையில் அந்த 8 மில்லிமீட்டர் 16-ஆகிவிடும், கைபேசியை நிறுத்துவதும் லேசரைச் சரிசெய்வதும் பாதி வேலை. ஆனால் அவ்வளவு நீளத்தைச் சூட்டோடு இரண்டு பேர் தூக்குவது ஆபத்து. ஆகவே இடத்திலேயே வைத்து, அடியில் மின்கம்பிச் சுருள் பதித்து, பக்கங்களைக் கண்ணாடிக் கம்பளியால் மூடலாம் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்தால் அடிப்பக்கச் சோதனைக்கு வேறு பட்டை வேண்டியிருக்கும். இன்னொன்று, காற்றின் வெப்பத்தையே அளக்க வேண்டும். முடி கனத்துக் கம்பியில் செய்த ‘கே’ வகை தெர்மோகப்பிளை ஒரு திருகாணியில் கட்டி, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக உயர்த்தி, மேற்பக்கத்திலும் அடிப்பக்கத்திலும் வெப்பம் எப்படி இறங்குகிறது என்று வரைய ஆசை. திருகாணிக்கு வெல்டிங் கடை அண்ணனிடம் சொல்லியாகிவிட்டது.